சூப்பர்நோடு: இரண்டு நோடுகளுக்கு நடுவே வோல்டேஜ் சோர்ஸ் வந்தால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்யூட் பாடத்தில் நோடு அனாலிசிஸ் வரைக்கும் நன்றாக வருபவர்கள் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கிரவுண்டைத் தொடாமல், இரண்டு நோடுகளை நேரடியாக இணைக்கும் வோல்டேஜ் சோர்ஸ்தான் அந்த இடம். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். மூன்றாவது கேள்வியில் போட்ட கணக்கையே கடைசிவரை பயன்படுத்தியிருப்பதால், வரிசையாகப் படித்தால் எளிது.

நோடு அனாலிசிஸ் எனக்கு நல்லாத்தான் வருது. நடுவுல வோல்டேஜ் சோர்ஸ் வந்தா மட்டும் ஏன் மாட்டிக்கிறேன்?

நோடு அனாலிசிஸில் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நோடிலும் கிர்க்காஃப் மின்னோட்ட விதியை, அதாவது கே.சி.எல்.-ஐ எழுதுகிறோம். அதற்கு அந்த நோடைத் தொடும் ஒவ்வொரு கிளையின் மின்னோட்டத்தையும் நோடு வோல்டேஜ்களில் சொல்ல வேண்டும். ரெசிஸ்டர் என்றால் இரண்டு முனைகளின் வோல்டேஜ் வித்தியாசத்தை ஓமால் வகுத்தால் போதும். கரன்ட் சோர்ஸ் என்றால் மதிப்பு படத்திலேயே இருக்கும்.

ஐடியல் வோல்டேஜ் சோர்ஸுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. 6 வோல்ட் சோர்ஸ் தன் முனைகளுக்கு நடுவே 6 வோல்ட் வித்தியாசத்தை வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. அதற்காக 2 ஆம்பியர் ஓட வேண்டுமா, 200 ஆம்பியர் ஓட வேண்டுமா என்பதைச் சுற்றியுள்ள சர்க்யூட்தான் தீர்மானிக்கிறது. அதற்கு உள்தடை சுழி என்பதால் ஓம் விதியை எழுதப் போனால் சுழியால் வகுக்க வேண்டிவரும். ஆக, உங்கள் கே.சி.எல். சமன்பாட்டில் நிரப்ப முடியாத ஒரு காலி இடம் விழுகிறது. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

சரி, சூப்பர்நோடுன்னா என்ன? அந்தக் காலி இடத்தை அது எப்படி நிரப்புது?

நிரப்புவதில்லை, தேவையில்லாமல் செய்துவிடுகிறது. அந்தத் தெரியாத மின்னோட்டத்துக்கு i என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அது சோர்ஸின் ஒரு முனையில் உள்ள நோடிலிருந்து வெளியேறி, மறுமுனையில் உள்ள நோடுக்குள் நுழைகிறது. முதல் நோடின் கே.சி.எல்.-இல் அது +i, இரண்டாவதில் −i. இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் i அடிபட்டுப் போகும்.

அந்தக் கூட்டலைப் படத்தில் செய்வதற்குத்தான் சூப்பர்நோடு என்று பெயர். சோர்ஸையும் அதன் இரண்டு நோடுகளையும் சேர்த்து ஒரு மூடிய கோடு வரைகிறீர்கள். கோட்டைக் கடந்து வெளியே போகும் மின்னோட்டங்களை மட்டும் கூட்டுகிறீர்கள். சோர்ஸ் முழுவதும் கோட்டுக்குள் இருப்பதால் அதன் மின்னோட்டம் கணக்கிலேயே வராது.

இரண்டு சமன்பாடுகளை ஒன்றாக்கியதால் ஒரு சமன்பாடு குறைகிறது. அதை ஈடுகட்டுவது சோர்ஸின் வாக்குறுதி: பிளஸ் பக்க நோடின் வோல்டேஜ் கழித்தல் மைனஸ் பக்க நோடின் வோல்டேஜ், சோர்ஸின் மதிப்புக்குச் சமம். இதைக் கட்டுப்பாட்டுச் சமன்பாடு என்று சொல்கிறேன். இதை மறந்துவிட்டு, "மூணு மாறி இருக்கு, ரெண்டு சமன்பாடுதான் வருது" என்று வருபவர்கள் நிறைய.

ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்டுங்க. பாதியில விட்டா புரியல.

கிரவுண்டைத் தவிர மூன்று நோடுகள் என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் கரன்ட் சோர்ஸ் ஒன்று கிரவுண்டிலிருந்து நோடு 1-க்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. நோடு 1-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4 ஓம். நோடு 2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 6 ஓம். நோடு 3-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2 ஓம். நோடு 1-ஐயும் 3-ஐயும் 8 ஓம் இணைக்கிறது, நோடு 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு 2 ஓம் இணைக்கிறது. நோடு 1-க்கும் 2-க்கும் நடுவே 6 வோல்ட் சோர்ஸ், பிளஸ் நோடு 1 பக்கம். படத்தை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோடு 1, நோடு 2, சோர்ஸ் மூன்றையும் சுற்றி ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டை நான்கு ரெசிஸ்டர்களும் கரன்ட் சோர்ஸும் கடக்கின்றன. வெளியே போகும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, உள்ளே வரும் 6 ஆம்பியருக்குச் சமம். நோடு 3 சாதாரண நோடு, அதற்கு வழக்கமான கே.சி.எல். மூன்றாவது வரி கட்டுப்பாடு.

```
v1/4 + (v1 - v3)/8 + v2/6 + (v2 - v3)/2 = 6
(v3 - v1)/8 + (v3 - v2)/2 + v3/2 = 0
v1 - v2 = 6
```

இரண்டாவது வரியை 8-ஆல் பெருக்கிச் சுருக்கினால் 9·v3 = v1 + 4·v2. முதல் வரியை 24-ஆல் பெருக்கினால் 9·v1 + 16·v2 − 15·v3 = 144. v3-ஐ இதில் போட்டால் 11·v1 + 14·v2 = 216 என்று வருகிறது. இப்போது v1 = v2 + 6 என்று போடுங்கள்: 25·v2 = 150. ஆகவே v2 = 6 வோல்ட், v1 = 12 வோல்ட், v3 = 4 வோல்ட்.

கையோடு ஒரு சோதனை: கிரவுண்டுக்குத் திரும்பும் மின்னோட்டங்கள் 12/4 = 3, 6/6 = 1, 4/2 = 2. மொத்தம் 6 ஆம்பியர். கரன்ட் சோர்ஸ் கிரவுண்டிலிருந்து எடுத்ததும் அதே 6. கிரவுண்டின் கே.சி.எல்.-ஐ நாம் எங்கும் பயன்படுத்தவில்லை என்பதால் கூட்டல், வகுத்தல் பிழைகளை இது நன்றாகவே பிடித்துக் கொடுக்கும்.

சூப்பர்நோடுன்னா ஒரே நோடு மாதிரிதானே? அப்ப ஏன் ஒரே v போடக்கூடாது?

கூடாது. எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், அதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். மின்னோட்டத்தைக் கூட்டும்போது மட்டும்தான் அந்த இரண்டும் ஒன்று. வோல்டேஜில் அவை எப்போதும் தனித்தனி, அதுவும் சரியாக 6 வோல்ட் தள்ளி.

மேலே 4 ஓமுக்கு v1/4 என்றும் 6 ஓமுக்கு v2/6 என்றும் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரும் கோட்டுக்குள் எந்த நோடைத் தொடுகிறதோ, அந்த நோடின் வோல்டேஜ்தான் அதற்கு. எழுதும்போது கோட்டைப் பார்க்காமல் ரெசிஸ்டரின் முனையில் விரலை வைத்து எழுதுங்கள், தவறு வராது. இரண்டுக்கும் ஒரே v போட்டால், சோர்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்த சர்க்யூட்டுக்கு விடை கண்டுபிடித்ததாக ஆகிவிடும்.

நான் நோடு 1, நோடு 2-க்குத் தனித்தனியா கே.சி.எல். எழுதினேன், சோர்ஸை விட்டுட்டேன். மூணு சமன்பாடு, மூணு மாறி, விடையும் வந்துச்சே?

விடை வரும், ஆனால் வேறு சர்க்யூட்டுக்கு. சோர்ஸின் மின்னோட்டத்தை எழுதாமல் விடுவது அது சுழி என்று சொல்வதற்குச் சமம். அதாவது சோர்ஸைக் கழற்றி வைத்துவிட்டீர்கள். நம் கணக்கில் அப்படிச் செய்தால் v1 ஏறத்தாழ 16.94, v2 ஏறத்தாழ 2.12, v3 ஏறத்தாழ 2.82 வோல்ட் என்று வருகிறது. v1 − v2 = 14.82. 6 இருக்க வேண்டிய இடத்தில் 14.82 இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனித்தனியாக எழுதுவதே தவறு என்று நினைக்க வேண்டாம். i-ஐ ஒரு மாறியாக வைத்து, இரண்டு கே.சி.எல்.-இலும் அதைச் சேர்த்து, கட்டுப்பாட்டையும் எழுதினால் நான்கு மாறி, நான்கு சமன்பாடு. விடை சரியாகவே வரும். சூப்பர்நோடு அதில் ஒரு மாறியை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

கடைசியில சோர்ஸோட கரன்ட் எவ்வளவுன்னு கேட்டா? அதைத்தான் நாம தூக்கிப் போட்டுட்டோமே?

வோல்டேஜ்கள் தெரிந்த பிறகு அது தானாகக் கிடைக்கும். சோர்ஸின் ஏதாவது ஒரு முனை நோடை எடுத்து, அதற்கு மட்டும் கே.சி.எல். எழுதுங்கள். நோடு 1-க்குள் 6 ஆம்பியர் வருகிறது. 4 ஓமில் 3, 8 ஓமில் (12 − 4)/8 = 1 வெளியே போகிறது. மீதி 2 ஆம்பியர் சோர்ஸ் வழியாக நோடு 2-க்குப் போகிறது. நோடு 2-இல் சரிபார்த்தால், 6 ஓமில் 1, 2 ஓமில் (6 − 4)/2 = 1, மொத்தம் 2. பொருந்துகிறது.

இந்த 2 ஆம்பியர் சோர்ஸின் பிளஸ் முனை வழியாக உள்ளே நுழைகிறது. அப்படியென்றால் இந்தச் சோர்ஸ் மின்திறனைத் தரவில்லை, 12 வாட் வாங்கிக்கொண்டிருக்கிறது, சார்ஜ் ஆகும் பேட்டரி போல. சோர்ஸ் என்றாலே கொடுக்கும் என்று எண்ணி இந்த விடையைத் தவறென்று அடித்தவர்கள் உண்டு, அடிக்காதீர்கள். மொத்தக் கணக்கும் ஒத்துப்போகிறது: கரன்ட் சோர்ஸ் தருவது 6 × 12 = 72 வாட். ரெசிஸ்டர்கள் எடுப்பது 36, 6, 8, 2, 8, ஆக 60 வாட். மீதி 12.

சோர்ஸுக்கு இணையா, அதே ரெண்டு நோடுக்கு நடுவுல ஒரு ரெசிஸ்டர் இருக்கு. அதை எங்க எழுதுறது?

சூப்பர்நோடு சமன்பாட்டில் எங்குமே எழுத வேண்டாம். அதன் இரண்டு முனைகளும் கோட்டுக்குள் இருக்கின்றன, அது கோட்டைக் கடக்கவில்லை. நம் சர்க்யூட்டில் 6 வோல்ட் சோர்ஸுக்கு இணையாக 6 ஓம் வைத்தாலும் v1, v2, v3 மூன்றும் அப்படியே 12, 6, 4 தான்.

ஆனால் சோர்ஸின் மின்னோட்டம் மாறும். முந்தைய கேள்வியில் செய்ததைத் திரும்பச் செய்யும்போது இந்த ரெசிஸ்டரைச் சேர்க்க மறக்காதீர்கள். நோடு 1-லிருந்து நோடு 2-க்கு மொத்தம் 2 ஆம்பியர் போயாக வேண்டும். 6 ஓம் அதில் 1 ஆம்பியரை எடுத்துக்கொண்டால் சோர்ஸுக்கு 1 மீதி. 3 ஓம் வைத்தால் ரெசிஸ்டரே 2-ஐயும் எடுத்துக்கொள்ளும், சோர்ஸில் சுழி. 2 ஓம் வைத்தால் ரெசிஸ்டரில் 3 ஆம்பியர் ஓடும். கூடுதல் 1 ஆம்பியரைச் சோர்ஸ் தன் பிளஸ் முனையிலிருந்து வெளியே தர வேண்டும், அதாவது இதுவரை வாங்கிய சோர்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும். இத்தனை மாறியும் நோடு வோல்டேஜ் ஒன்றுகூட அசையவில்லை என்பதை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். ஐடியல் சோர்ஸ் என்ற சொல்லின் பொருள் அப்போது பிடிபடும்.

இணையா இல்லாம தொடரா ரெசிஸ்டர் இருந்தா?

அப்போது சூப்பர்நோடு தேவையே இல்லை. நோடு 1-லிருந்து 6 வோல்ட் சோர்ஸ், அதைத் தொடர்ந்து R ஓம், பிறகு நோடு 2 என்றால், அந்தக் கிளையின் மின்னோட்டத்தை நேராகவே எழுதலாம்: நோடு 1-லிருந்து 2-க்கு (v1 − v2 − 6)/R. காலி இடம் இல்லை, நோடு 1-க்கும் 2-க்கும் தனித்தனி கே.சி.எல். போதும். பேட்டரியின் உள்தடையைக் கணக்கில் எடுத்தால் எப்போதும் இந்த நிலைதான்.

சோர்ஸும் ரெசிஸ்டரும் சந்திக்கும் இடத்தை ஒரு நோடாக எண்ணினால் மட்டும் சூப்பர்நோடு திரும்ப வரும். விடை ஒன்றே, வேலைதான் அதிகம்.

பிளஸ் மைனஸை மாத்திப் போட்டுட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது? பவர் பேலன்ஸ் பார்த்தா தெரியுமா?

தெரியாது, அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது. v1 − v2 = −6 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 11·v1 + 14·v2 = 216 அப்படியே இருக்கும்; விடை v2 = 11.28, v1 = 5.28 என்று வரும். இது சோர்ஸைத் திருப்பி மாட்டிய சர்க்யூட்டின் சரியான விடை. ஆகவே கிரவுண்டில் 6 ஆம்பியர் சோதனையும் பொருந்தும், அதே எண்களை வைத்துப் போட்டால் பவர் பேலன்ஸும் பொருந்தும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, விடை வந்த பிறகு படத்துக்குத் திரும்பிப் போவதுதான். பிளஸ் குறி எந்த நோடில் இருக்கிறது, அந்த நோடின் வோல்டேஜ்தான் மற்றதைவிட 6 அதிகமா? நோடுகளின் மதிப்புகளைப் படத்திலேயே எழுதிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். கட்டுப்பாட்டை எழுதும்போதே "பிளஸ் கழித்தல் மைனஸ்" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதுவது என் பழக்கம்.

கிரவுண்டை நம்மளே சோர்ஸோட ஒரு முனையில வச்சுட்டா சூப்பர்நோடே வேண்டாமே?

ஆமாம், கிரவுண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் தாராளமாக வைக்கலாம். நம் கணக்கில் நோடு 2-ஐ ரெஃபரன்ஸாக எடுத்தால் v1 எழுதாமலே 6 வோல்ட். மீதி நோடு 3-ம் பழைய கிரவுண்டும். அவற்றுக்கு −2, −6 என்று வரும். முன்பு வந்த எல்லா வோல்டேஜிலும் 6 குறைந்திருக்கிறது. வித்தியாசங்கள், மின்னோட்டங்கள் எதுவும் மாறவில்லை.

ஆனால் பெரும்பாலும் கேள்வியிலேயே கிரவுண்ட் குறிக்கப்பட்டிருக்கும். வோல்டேஜ் சோர்ஸ்கள் இரண்டு, தொடர்பில்லாத இடங்களில் இருந்தால் இந்த உத்தி ஒன்றுக்குத்தான் உதவும். மற்றதற்குச் சூப்பர்நோடு வேண்டும்.

ரெண்டு வோல்டேஜ் சோர்ஸ் ஒரே நோடுல சேருது. ரெண்டு சூப்பர்நோடு போடணுமா?

வேண்டாம், மூன்று நோடுகளும் சேர்ந்து ஒரே சூப்பர்நோடு. ஒரு கே.சி.எல்., இரண்டு கட்டுப்பாடுகள். நம் சர்க்யூட்டில் நோடு 2-க்கும் 3-க்கும் நடுவே இன்னொரு 2 வோல்ட் சோர்ஸை, பிளஸ் நோடு 2 பக்கம் இருக்குமாறு சேர்த்துப் பாருங்கள்.

```
v1/4 + v2/6 + v3/2 = 6
v1 - v2 = 6
v2 - v3 = 2
```

8 ஓம் காணாமல் போனதைக் கவனியுங்கள். அது எந்தச் சோர்ஸுக்கும் நேர் இணையாக இல்லை. ஆனாலும் அதன் இரு முனைகளும் கோட்டுக்குள் வந்துவிட்டன. நோடு 2-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள 2 ஓமும் அப்படித்தான். கணக்குப் போட்டால் 11·v2 = 66, மறுபடியும் 12, 6, 4. நான் வேண்டுமென்றே 2 வோல்ட் எடுத்தேன்: அந்த வித்தியாசம் ஏற்கெனவே அங்கே இருந்ததால் புதிய சோர்ஸில் மின்னோட்டம் சுழி.

இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு நோடு இன்னொரு சோர்ஸ் வழியாகக் கிரவுண்டையும் தொட்டால் எல்லா வோல்டேஜும் தெரிந்துவிடும், அந்தக் கூட்டத்துக்குக் கே.சி.எல். எழுத வேண்டியதில்லை. ஆனால் நோடு 1-க்கும் 3-க்கும் நடுவிலும் ஒரு ஐடியல் சோர்ஸ் போட்டு வளையமாக மூடினால் சிக்கல். அது 8 வோல்டாக இல்லாவிட்டால் சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படும். 8 வோல்டாகவே இருந்தாலும், வளையத்துக்குள் எவ்வளவு மின்னோட்டம் சுற்றுகிறது என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது.

சோர்ஸ் டிபென்டன்ட் சோர்ஸா இருந்தா முறை மாறுமா?

கோடு வரைவதும் கே.சி.எல். எழுதுவதும் மாறாது. கட்டுப்பாட்டின் வலது பக்கத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு கோவை வரும், அதை நோடு வோல்டேஜ்களில் மாற்றி எழுத வேண்டும். நம் 6 வோல்ட் சோர்ஸுக்குப் பதில் 3·ix மதிப்புள்ள சோர்ஸ் என்று வைப்போம். ix என்பது நோடு 3-லிருந்து 2 ஓம் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும் மின்னோட்டம். ix = v3/2 என்பதால் கட்டுப்பாடு v1 − v2 = 1.5·v3. இதோடு 9·v3 = v1 + 4·v2-ஐச் சேர்த்தால் v1 = 2·v2 கிடைக்கும். 11·v1 + 14·v2 = 216-இல் போட்டால் 36·v2 = 216, v2 = 6.

ix-ஐ மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு மாறி ஒன்று கூடிவிட்டதென்று குழம்புவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. கட்டுப்பாட்டை எழுதிய அடுத்த வரியிலேயே மாற்றிவிடுங்கள்.

ஸ்பைஸ்ல போட்டுச் சரிபார்க்கலாமா? அதுவும் சூப்பர்நோடு முறைதானா?

சரிபார்க்கலாம். ஸ்பைஸ் சூப்பர்நோடு கட்டுவதில்லை. ஐந்தாவது கேள்வியின் கடைசியில் சொன்னபடி, சோர்ஸின் மின்னோட்டத்தையும் ஒரு மாறியாக வைத்தே தீர்க்கிறது. திருத்திய நோடு முறை என்ற இந்த வழியை ஹோ, ரூலி, பிரென்னன் ஆகியோர் 1975-இல் வெளியிட்டார்கள். ஒரு மாறி கூடினால் கணினிக்குச் சுமை இல்லை, எங்கே கோடு வரைவது என்று தேடும் வேலையும் மிச்சம்.

```
supernode test
I1 0 1 6
R1 1 0 4
R2 2 0 6
R3 3 0 2
R4 1 3 8
R5 2 3 2
V1 1 2 6
.op
.end
```

விடையில் நோடுகள் 12, 6, 4 என்றும் V1-இன் மின்னோட்டம் +2 என்றும் வர வேண்டும். ஸ்பைஸ், வோல்டேஜ் சோர்ஸின் பிளஸ் முனைக்குள் நுழையும் மின்னோட்டத்தைத்தான் நேர்க்குறியில் காட்டும். மின்திறனைத் தரும் சோர்ஸுக்கு மைனஸ் காட்டுவதைப் பார்த்துச் சோர்ஸைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. `R6 1 2 2` என்று ஒரு வரி சேர்த்து ஓட்டுங்கள்: நோடு வோல்டேஜ்கள் அப்படியே நிற்கும், V1-இன் மின்னோட்டம் மட்டும் −1 ஆகும்.